சுண்ணாம்பு இமைகள்

ஆஷாட மாதம், வளர்பிறை ஐந்து

மடத்துப் பள்ளியில் ஐந்து வருடம் படித்தவள் நான். எழுத்து மறந்துவிடக் கூடாது என்பதற்காக மட்டுமே இந்த மரப்பட்டையில் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

இன்று பிக்ஷைக்கு வந்த பெரிய தேரர் வசுதத்தர் ஒப்புக்கொண்டுவிட்டார். எங்கள் ஊர் ஸ்தூபியின் அடிச்சுற்றில் பதிக்கப்போகும் கல், இந்தச் சோமிலாவின் காணிக்கை. பகவான் அரண்மனையை விட்டுப் புறப்பட்ட கதை அதில் வரும். மழைக்காலத் தவம் முடிந்து கார்த்திகைப் பௌர்ணமியன்று பதிப்பார்கள். அன்று மலைக்கு அப்பால் உள்ள விகாரையிலிருந்தும் பிக்ஷுக்கள் வருவார்கள். அவர்களோடு சங்கசேனரும் வருவார் என்று தேரர் தானாகவே சொன்னார். நான் கேட்கவில்லை. இரண்டு முறைதான் கேட்டேன்.

சங்கசேனர் என்பது என் மகன் இந்திரசேனன். நான்கு வருடம் முன்பு ஒருநாள் விடியும் முன்பே யாரிடமும் சொல்லாமல் குதிரையேறிப் போனான். மத்தியானம் குதிரை மட்டும் திரும்பி வந்தது. எனக்கு வருத்தமே இல்லை. பிள்ளையைச் சங்கத்துக்குக் கொடுத்தவள் என்று சுவஸ்து ஆற்றின் இரு கரையிலும் என்னைக் கும்பிடுகிறார்கள். மருமகள் பூர்ணிகா மட்டும் அன்றைக்குக் கட்டை போலத் தூங்காமல் இருந்திருந்தால் அவன் போயிருக்கவே மாட்டான். அதை நான் அவளிடம் அடிக்கடி சொல்வதில்லை. வாரத்துக்கு ஒருமுறை சொல்வேன்.

ஆஷாடம், வளர்பிறை ஒன்பது

சிற்பி திமித்ரனின் பட்டறைக்குப் போனேன். யவன வம்சம். சுவரில் மாதத்தின் பெயரைக்கூட ‘பனேம’ என்று யவன மொழியில் எழுதி வைத்திருக்கிறான். எங்கள் ஊர் வெயிலில் காய்ந்து எங்களைவிடக் கறுத்திருக்கிறான்.

"உங்க ஊர்ல சிலை எல்லாம் எப்படிச் செய்வாங்க?" என்று மரியாதைக்குக் கேட்டேன்.

"எங்க ஊரு இதுதான் அக்கா. என் தாத்தாவோட தாத்தா இங்கதான் பொறந்தாரு. கிரேக்கம் எந்தப் பக்கம்னு கேட்டா மேற்க கை காட்டுவேன், அவ்வளவுதான் தெரியும்."

கல்லைக் காட்டினான். நீலமும் சாம்பலும் கலந்த கல். உளியைப் பக்கவாட்டில் வைத்துத் தட்டினால் அடுக்கடுக்காகப் பிரிகிறது, அடுப்புக் கல்லிலிருந்து எடுத்த ரொட்டியைப் பிய்ப்பது போல. மூன்று காட்சி. வலது கோடியில் அரண்மனைப் படுக்கையறை, நடுவில் குதிரையில் புறப்பாடு, இடது கோடியில் ஞானம் பெற்ற பகவான் போதிப்பது. கதை வலமிருந்து இடமாக ஓடுகிறதே என்றேன். ஸ்தூபியை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றி வருகிறவர்களுக்குக் கல் அப்படித்தான் எதிர்ப்படும் என்றான். சரிதான். நாங்கள் எழுதுகிற எழுத்தும் அந்தப் பக்கமிருந்துதான் போகிறது.

பிறகு கரித்துண்டால் பலகையில் குதிரையை வரைந்தான். அதன் மேல் ஒரு ஆளை வரைந்தான்!

"யாரு இது?"

"பகவான்தான். அப்ப இளவரசரு."

"அபச்சாரம்! குதிரை மேல குடை மட்டும் வை. அவரு இருக்கற எடத்துல யாரும் இருக்கக் கூடாது. எங்க பாட்டன் காலத்துலேந்து அப்படித்தான். காலடித் தடம் வைப்போம், அரசமரம் வைப்போம், ஆளில்லாத ஆசனம் வைப்போம். அணைஞ்சு போன தீபத்துக்கு மூக்கும் முழியும் வைக்க முடியுமா?"

"முடியும்" என்றான் அந்தக் கடன்காரன். "மூக்குக்கு என்கிட்ட அச்சு இருக்கு."

ஆஷாடம், பௌர்ணமி

உபோசத நாள். நோன்பிருந்து எட்டு சீலம் எடுத்தேன். வீண் பேச்சு பேசாதிருப்பதும் அதில் அடங்கும் என்று தேரர் என்னைப் பார்த்தே சொல்கிறார்.

கல்லைப் பற்றி விகாரையில் கூட்டம் நடந்தது. எனக்குத் தெரிந்த அத்தனையும் சொன்னேன். தேரர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். பிறகு குதிரை வியாபாரியின் மனைவி சிரகா எழுந்தாள். சகர் ஜாதி, வடக்கிலிருந்து வந்தவர்கள், பெண்களும் கால்சட்டை போடுகிறவர்கள்.

"சோமிலாக்கா, போன வருஷம் எங்க வீட்டுக்காரரு மொத மொத இங்க வந்தாரு. சன்னதில ஒரு நாற்காலி காலியா இருந்துச்சு. நடந்து வந்த களைப்பு. உக்காந்துட்டாரு."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. அது தேரரே கண்ணால் பார்த்த சங்கதியாம்.

"புதுசா வர்றவங்களுக்குக் காலி நாற்காலி காலி நாற்காலியாத்தான் தெரியுது, உபாசிகா" என்று, பக்தைகள் எல்லாரையும் அழைக்கிற அதே சொல்லால் என்னை அழைத்துச் சொன்னார் தேரர். "மதுரா பட்டணத்துலயும் செவப்புக் கல்லுல உருவம் செய்ய ஆரம்பிச்சுட்டாங்களாம். ஒரு தோள் தெரியற மாதிரி. நம்ம மட்டும் எத்தன நாள் ஆசனத்தக் காட்டிகிட்டு இருக்கறது?"

உருவம் வைக்கலாம், ஆனால் சூத்திரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும், ஒரு மயிரிழை தவறினாலும் கல் ஸ்தூபியில் ஏறாது என்று முடிவு. கல் ஏறாவிட்டால் பதிப்பு விழா இல்லை. விழா இல்லாவிட்டால் மலைக்கு அப்பாலிருந்து யாரும் வரப்போவதில்லை.

ஆகவே இனிமேல் நான் தினமும் பட்டறைக்குப் போய்க் கண்காணிக்க வேண்டும்.

சிராவண மாதம், தேய்பிறை மூன்று

பார்லி ரொட்டியும் தயிரும் எடுத்துப்போனேன். சிற்பியின் வயிறு காய்ந்தால் சூத்திரமும் காயும்.

அவன் சொன்ன அச்சு என்பது சுண்ணாம்பில் வார்த்த ஒரு தட்டு. வெள்ளிப் பாத்திரத்திலிருந்து ஒற்றி எடுத்ததாம். அதில் சுருள்முடிப் பையன் ஒருவன். அவர்களுடைய சூரிய தேவன். நேரான மூக்கு, மேலே பார்க்காமலும் கீழே பார்க்காமலும் பாதியில் நிற்கிற பார்வை.

"பிக்ஷுக்கள் எல்லாம் மொட்டை. அவங்க குருவுக்கு மட்டும் ஏன்டா இவ்வளவு முடி?"

"மகாபுருஷ லட்சணம்னு தேரரு முப்பத்திரண்டு சொன்னாருக்கா. அதுல தலை உச்சியில ஒரு புடைப்பு வேணுமாம். மொட்டைத் தலையில புடைப்பு வெச்சா யாரோ கல்லால அடிச்ச மாதிரி இருக்கு. அதான் முடிய அலை அலையா ஏத்திக் கட்டிக் கொண்டையாக்கிட்டேன். புடைப்பும் ஆச்சு, அழகும் ஆச்சு."

புருவ நடுவில் ஒரு பொட்டு, அது இன்னொரு லட்சணம். தலைக்குப் பின்னால் தட்டு மாதிரி ஒளிவட்டம், அது நாணயத்தில் இருக்கிற சூரியனிடமிருந்து எடுத்தது. காது தொங்குகிறது, இளவரசராக இருந்தபோது போட்ட கனத்த குண்டலத்தால். சீவர ஆடை இரண்டு தோளையும் மூடியிருக்கிறது. மடிப்பு ஒவ்வொன்றும் கழுத்திலிருந்து முழங்கால் வரை நிஜத் துணி மாதிரி விழுகிறது. அவனுடைய முன்னோர்களின் ராஜாக்கள் கட்டிய துணியாம். எங்கள் குளிருக்கு அதுதான் பொருத்தம் என்று நானும் அனுமதித்தேன்.

பகவானுக்குப் பக்கத்தில் சிங்கத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டு தாடிக்காரன் ஒருவன் தடியோடு நிற்கிறான்.

"இது?"

"வஜ்ரபாணி. பகவானோட மெய்க்காவல்."

"பயில்வான் மாதிரி இருக்கான்."

"எங்க கதையில பயில்வான்தான். இங்க வேலை மாறிட்டான்."

சிராவணம், தேய்பிறை பதினொன்று

குதிரையின் நான்கு குளம்பையும் யட்சர்கள் கையில் ஏந்துகிறார்கள். சத்தம் கேட்டு யாரும் விழித்துவிடக் கூடாது என்பதற்காக. தலையில் மதில் சுவரைக் கிரீடமாக வைத்த ஒருத்தி ஓரத்தில் நிற்கிறாள். அவள் கபிலவஸ்துவின் ஊர்த் தேவதையாம், அவர் போவதைப் பார்த்து முகம் வாடி நிற்கிறாளாம்.

வீட்டுக்கு வந்து பூர்ணிகாவிடம் சொன்னேன். "ஊர் தேவதை முழிச்சிருக்கா, யட்சனுங்க முழிச்சிருக்காங்க, குதிரை முழிச்சிருக்கு. கட்டின பொண்டாட்டி மட்டும் தூங்கறா பாத்தியா?"

அவள் தயிர் கடைந்துகொண்டிருந்தாள். மத்து ஒருமுறை நின்றது. "கதையில அப்படித்தானே அத்தை" என்றாள்.

பாத்ரபத மாதம், வளர்பிறை இரண்டு

முழங்கால் வீக்கம். மழை.

பாத்ரபதம், வளர்பிறை ஆறு

வீக்கம் குறையவில்லை. ரொட்டியும் தயிரும் பூர்ணிகா எடுத்துப் போகிறாள். ‘ஒரு வார்த்தை பேசாதே, வைத்துவிட்டு வா’ என்று சொல்லியனுப்புகிறேன். பேசமாட்டாள். நான்கு வருடமாக எங்கள் வீட்டில் பேசுகிற வேலையை நான் ஒருத்திதான் பார்க்கிறேன்.

பாத்ரபதம், தேய்பிறை நான்கு

இன்றும் அவள் வர நேரமானது. கேட்டால், அரண்மனைக் காட்சி செதுக்குகிறான், கட்டிலின் கால் எப்படி இருக்கும் என்று கேட்டான், சொன்னேன் என்றாள். கட்டில் காலைச் சொல்ல அரை நாளா?

ஆசுவயுஜ மாதம், வளர்பிறை பத்து

கோல் ஊன்றிப் போய்ப் பார்த்தேன். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே சின்னச் சின்ன யவனத் தூண்கள், உச்சியில் முள்ளிலை. ஓரத்தில் கால்சட்டை போட்ட பெண் ஒருத்தி பூ ஏந்தி நிற்கிறாள். சிரகா எனக்குத் தெரியாமல் பட்டறை விளக்குக்கு எண்ணெய் கொடுத்துத் தன்னையும் செதுக்க வைத்துவிட்டாள்! என் பெயர் அடியில் எழுத்தாக இருக்கிறது, அவள் உருவமாக நிற்கிறாள். இருக்கட்டும். சீலம் எடுத்தவள் பொறாமைப்படக் கூடாது. அவள் மூக்கு சரியாக வரவில்லை.

குதிரையின் மேல் இருப்பவரைப் பார்த்தேன். தலைப்பாகை, மார்பில் மாலை, மெல்லிய மீசை. பக்கவாட்டில் இல்லாமல் நேராக நம்மைப் பார்த்து வருகிறார். போகிறவர் போல் இல்லை, வருகிறவர் போல் இருக்கிறது. கொஞ்ச நேரம் நின்றேன். கல்தூசி கண்ணில் பட்டுவிட்டது.

படுக்கையறைக் காட்சியில் கட்டில், சாய்ந்து தூங்கும் வாத்தியக்காரிகள், பகவானின் மனைவி யசோதரை. எல்லாம் சரி. இனி மெல்லச் சுண்ணம் பூசி, வண்ணம் தீட்டி, பொன்னிதழ் ஒட்டுவான்.

கார்த்திகை மாதம், வளர்பிறை பதினொன்று

பிக்ஷுக்கள் நான்கு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

அவரும் வந்தார். வரிசையில் ஏழாவது. இளைத்துவிட்டார். நான் தரையில் விழுந்து கும்பிட்டேன். பெற்றவள் பிள்ளையை விழுந்து கும்பிடுவது எத்தனை பெரிய புண்ணியம்! "சுகமா இருங்க உபாசிகா" என்றார். மற்ற பெண்களிடமும் அதையே சொன்னார்.

கார்த்திகை, வளர்பிறை பன்னிரண்டு

தலையில் இடி விழுந்தது. கல் ஏறாதாம்!

கல்லைப் பார்க்கச் சங்கசேனரும் பட்டறைக்குப் போயிருந்தார். நெடுநேரம் அரண்மனைக் காட்சி முன்னால் நின்றாராம். பிறகு தேரரிடம் போய், "யசோதரை கண்ணைத் திறந்து வெச்சிருக்காங்க, பந்தே. சூத்திரத்துல தூங்கறாங்க" என்றாராம்.

ஓடினேன். முழங்கால் ஞாபகமே இல்லை. உண்மைதான். வெறும் கல்லாக இருந்தபோது என் கண்ணுக்குத் தெரியவில்லை. வண்ணம் தீட்டியதும் தெரிகிறது. படுத்திருக்கிறாள், கை கன்னத்தின் கீழ் இருக்கிறது, கண் மட்டும் முழுசாகத் திறந்து வாசலைப் பார்க்கிறது.

"ஏன்டா பாவி, எத்தன தடவ சொன்னேன்! அவ தூங்கணும்டா!"

திமித்ரன் உளியைத் துடைத்தான். "நான் தூங்கற மாதிரிதான் கோடு போட்டேன்க்கா. உங்க மருமக பாத்துட்டு, கண்ணு தப்பா இருக்குன்னாங்க. எப்படி இருந்துச்சுன்னு சொன்னாங்க. அவங்க சொன்னப்புறம் எனக்கு மூட மனசு வரல."

"எப்படி இருந்துச்சாம்?"

"அத அவங்ககிட்ட கேளுங்க."

கார்த்திகை, வளர்பிறை பதின்மூன்று

சங்கசேனரை எங்கள் வீட்டுக்குப் பிக்ஷைக்கு அழைத்தேன். கல்லைப் பற்றி அவர் ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்தால் தேரரும் விட்டுக்கொடுப்பார். பிக்ஷு தனியாக ஒரு பெண்ணோடு இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் கூட ஒரு பிக்ஷு வந்தார். விதிக்காக நானும் நகராமல் உட்கார்ந்திருந்தேன். விதி இல்லாவிட்டாலும் நகர்ந்திருக்க மாட்டேன் என்று சிரகா சொல்வாள்.

சாப்பிட்டு முடித்ததும் பூர்ணிகா கையலம்பத் தண்ணீர் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.

"கண்ணு தப்புன்னு சொன்னீங்களாம், பந்தே."

"சூத்திரத்துல அப்படித்தான் இருக்கு."

"சூத்திரம் எழுதினவங்க அந்த அறைக்குள்ள இருந்தாங்களா?"

நான், "பூர்ணிகா!" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை.

"அன்னைக்கு நீங்க செருப்பத் தேடினீங்க. ஒண்ணு கெடச்சுது, இன்னொண்ணு கட்டிலுக்கு அடியில. குனிஞ்சு தடவிகிட்டே இருந்தீங்க. அது தானா உங்க கைக்கு வந்துச்சுன்னு நெனச்சீங்களா? நான்தான் கால கீழ விட்டுத் தள்ளிவிட்டேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிக்ஷுக்கள் எப்போதும் தரையைத்தான் பார்ப்பார்கள்.

"முழிச்சிருந்தியா?" என்றார். ‘உபாசிகா’ என்று சொல்லவில்லை.

"முழிச்சுதான் இருந்தேன். நான் எந்திரிச்சிருந்தா நீங்க நின்னிருப்பீங்க. நின்னு, ஒவ்வொரு நாளும் அந்த வாசலையே பாத்துகிட்டு இருந்திருப்பீங்க. அதப் பாத்துகிட்டு என்னால சோறு ஆக்க முடியாது. நாலு வருஷமா அத்தை தூங்குமூஞ்சி தூங்குமூஞ்சின்னு சொல்றாங்க. சொல்லிட்டுப் போகட்டும். ஆனா கல்லுலயும் என்னையத் தூங்க வைக்காதீங்க."

கூட வந்த பிக்ஷு இருமினார். நேரமாகிவிட்டது என்று அர்த்தம். என் பிள்ளை எழுந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டார். வாசலில் ஒரு செருப்பைப் போட்டுவிட்டு, காலடியிலேயே கிடந்த மற்றதைத் தேடினார். பற்று அறுத்தவர்கள் எதையும் தேடுவதில்லை என்றுதான் நான் படித்திருக்கிறேன். வெயில் கண்ணைக் கூசியிருக்கும்.

நான் பூர்ணிகாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. அவளே பயந்துபோய், "அத்தை, உடம்பு சரியில்லயா?" என்று கேட்டாள்.

கார்த்திகை, வளர்பிறை பதினான்கு

சங்கசேனர் தேரரிடம் போய், கல் அப்படியே இருக்கட்டும் என்று கேட்டாராம். தேரர் மறுத்துவிட்டார். "இன்னிக்கு ஒரு பொண்ணுக்காகக் கண்ணத் தொறந்தா, நாளைக்கு ஒவ்வொரு வீட்டுக் கதையும் ஸ்தூபியில ஏறும்."

சிரகா கால்சட்டையோடு ஏற்கெனவே கல்லில் ஏறியிருக்கிறாளே என்ற கேள்வி வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். கல் ஏற வேண்டும்.

திமித்ரன்தான் வழி சொன்னான். வெட்டிய கல்லை மறுபடி வளர்க்க முடியாது. ஆனால் சுண்ணாம்புச் சாந்தில் இரண்டு சின்ன இமை செய்து கண்ணின் மேல் ஒட்டி வண்ணம் பூசிவிடலாம். மலிவான சிலைகளுக்குத் தலையே சாந்தில்தான் செய்கிறான். தேரர் வந்து குனிந்து பார்த்து, "இப்ப தூங்கறா" என்று திருப்திப்பட்டார்.

பூர்ணிகாவும் பார்த்தாள். ரொட்டிக் கூடையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

நான் பின்னால் தங்கி, "இந்தச் சாந்து எத்தன வருஷம் நிக்கும்?" என்று கேட்டேன்.

"தண்ணி படாம பாத்துகிட்டா நூறு வருஷம் நிக்கும்க்கா."

"தண்ணி பட்டா?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "வெந்நீர் பட்டா சீக்கிரம் போயிடும். மத்த வண்ணமெல்லாம் பசை போட்டு இறுக்கியிருக்கேன், அதுக்கு ஒண்ணும் ஆகாது. இமைக்கு மட்டும் பசை கம்மி" என்றான். பிறகு உளிகளை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

கார்த்திகைப் பௌர்ணமி

கல் ஏறியது. இரும்புக் கொக்கி போட்டு இறுக்கினார்கள். சங்கு ஊதினார்கள். பூ போட்டார்கள். ஊரே வலம் வந்தது. போன வருஷம் காலி நாற்காலியில் உட்கார்ந்த சிரகாவின் புருஷன் பகவானைப் பார்த்ததும் தானாகவே கைகூப்பினான். தேரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் சொன்னதுதான் சரி. அதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

சங்கசேனர் மூன்று சுற்று வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் கல்லுக்கு முன்னால், வலது கோடியில், கொஞ்சம் நின்றார். நான்காவது சுற்றுக்கு வரவில்லை. பிக்ஷுக்கள் சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். மலைப்பாதையில் பனி விழ ஆரம்பித்துவிடுமாம்.

பூர்ணிகா வாசலில் நின்று கடைசி ஆள் மறையும்வரை பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு!

கார்த்திகை, தேய்பிறை எட்டு

உபோசத நாள். இனிமேல் ஒவ்வொரு உபோசதத்துக்கும் என் காணிக்கைக் கல்லை நானே கழுவிச் சுத்தம் செய்கிறேன் என்று தேரரிடம் விரதம் எடுத்துக்கொண்டேன். "சாது, சாது! இவ்வளவு பக்தி யாருக்கு வரும்!" என்று மனமுருகினார்.

பெரிய செம்பில் வெந்நீர் போட்டாயிற்று. பூர்ணிகாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். முதலில் பகவான், பிறகு குதிரை, பிறகு கட்டில். கட்டிலை மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்க்க வேண்டும்.